ரெக்ரூட்டருக்கு எழுதும் முதல் வரி: கேள்வி பதில்

சென்னை, டெஸ்டிங்: அக்கா, மேனுவலில் 3 வருடம், செலினியத்தில் 2 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். "தகுந்த வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று ரெஸ்யூமேவோடு நாற்பது ரெக்ரூட்டர்களுக்கு அனுப்பினேன். "வந்தால் சொல்கிறேன்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். எங்கே தப்பு?

எது தகுந்தது என்று முடிவு செய்யும் வேலையை அவர்களிடம் தள்ளிவிட்டீர்கள். ரெக்ரூட்டர் கையில் ஆளை வைத்துக்கொண்டு வேலை தேடுவதில்லை, வேலையை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறார். இரண்டு மாதம் கழித்து ஒரு தேவை வரும்போது நௌக்ரியில் ஏறக்குறைய இப்படித் தட்டுவார்:

```
("automation tester" OR "QA automation" OR SDET) AND Selenium AND Java
```

தன் மெயிலிலும் வாட்ஸப்பிலும் தேடினால் இவற்றில் ஒரு சொல்லை மட்டும் தட்டுவார். உங்கள் செய்தியில் அந்தச் சொல் எதுவுமே இல்லை. இணைத்த கோப்பின் பெயரும் வெறும் "resume" என்றிருந்தால் நீங்கள் கிடைக்கவே மாட்டீர்கள். அவர் உங்களை மறந்தார் என்பதைவிட, கண்டுபிடிக்க வழி இல்லாமல் போனது என்பதே சரி.

இன்னொன்றும் கவனியுங்கள். இங்கே பெரும்பாலான ரெக்ரூட்டர்கள் எக்செல்லில் ஒரு டிராக்கர் வைத்திருப்பார்கள். மொத்த அனுபவம், அந்த வேலைக்குரிய அனுபவம், இருக்கும் ஊர், விரும்பும் ஊர், நோட்டீஸ் பீரியட், சம்பளம் என்று அதில் கட்டங்கள் இருக்கும். உங்கள் செய்தி அந்தக் கட்டங்களை நிரப்பினால் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சாரம் இது:

"ஆட்டோமேஷன் டெஸ்டர் வேலை தேடுகிறேன், செலினியம் – ஜாவா, சென்னை. மொத்தம் 5 வருடம், அதில் ஆட்டோமேஷன் 2 வருடம். ஏபிஐ டெஸ்டிங்குக்கு ரெஸ்ட் அஷ்யூர்ட். வங்கித் துறை. நோட்டீஸ் 60 நாள். இப்போது இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வேலை வரும்போது அழையுங்கள். மேனுவல் மட்டும் உள்ள வேலை வேண்டாம்."

5, 2 இரண்டையும் பிரித்து எழுதியதுதான் இதில் முக்கியம். 5 என்று மட்டும் எழுதினால் ஐந்து வருட ஆட்டோமேஷன் ஆளாக உங்களை நிறுவனத்துக்கு அனுப்புவார். முதல் டெக்னிக்கல் ரவுண்டிலேயே அது உடையும். அடுத்த தடவை அந்த ரெக்ரூட்டர் உங்கள் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். "வேண்டாம்" என்ற கடைசி வரிக்குத் தயங்காதீர்கள். அவருக்கு வீண் அழைப்பு குறையும், நீங்கள் கேட்பது எது என்பதும் அழுத்தமாகப் பதியும்.

கோவை: டெஸ்டர், பிஸினஸ் அனலிஸ்ட், ஸ்க்ரம் மாஸ்டர் மூன்றையும் போட்டால் மூன்று தேடலிலும் வருவோமே? சொல்தான் முக்கியம் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

தேடலில் வருவீர்கள், அதுவரை சரி. ஆனால் திறந்து படிப்பவருக்கு எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியாது. ஒரே வேலைக்கு உள்ள இரண்டு பெயர்களை எழுதலாம்: ஆட்டோமேஷன் டெஸ்டர், கியூஏ ஆட்டோமேஷன் இன்ஜினியர். மூன்று வெவ்வேறு வேலைகளை எழுதக் கூடாது. எஸ்டிஇடி கூடப் பல நிறுவனங்களில் வேறு வேலைதான். டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுதினால் போதாது, ஃப்ரேம்வொர்க்கையே கட்டத் தெரியவேண்டும், கோடிங் ரவுண்டும் இருக்கும். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் சேருங்கள்.

பிஸினஸ் அனலிஸ்ட் வேலையும் உண்மையிலேயே வேண்டுமானால் அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் வேறு ரெக்ரூட்டருக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.

திருச்சி: நான் விண்ணப்பித்து மூன்று வாரம் ஆகிறது மேடம், பதிலே இல்லை. இந்த மாதிரிச் செய்தி அனுப்பி ஞாபகப்படுத்தலாமா?

உங்களுடையது வேறு விஷயம் தம்பி. ஏற்கெனவே திறந்திருக்கும் வேலைக்கு முதல் வரியில் ஜாப் ஐடி, விண்ணப்பித்த தேதி, அடுத்து ஒரே கேள்வி. அவ்வளவு போதும்.

பெங்களூரு: லிங்க்ட்இன்னில் கனெக்ட் செய்யும்போது எழுத இடமே இல்லையே?

இலவசக் கணக்கில் அந்தக் குறிப்புக்கு 200 எழுத்துகள், பிரீமியத்தில் 300. நலம் விசாரிப்புக்கு இடம் கிடையாது. வேலைப் பெயர், அனுபவம், ஊர், நோட்டீஸ் இந்த நான்கையும் எழுதுங்கள், மற்றதை அவர் ஏற்றுக்கொண்ட பிறகு அனுப்புங்கள். உங்கள் ஹெட்லைனிலும் அதே வேலைப் பெயர் இருக்கவேண்டும். செய்தியில் ஆட்டோமேஷன், ஹெட்லைனில் மேனுவல் டெஸ்டர் என்றிருந்தால் அவர் ஹெட்லைனைத்தான் நம்புவார். "ஓப்பன் டு ஒர்க்" பகுதியில் ஐந்து வேலைப் பெயர்கள்வரை சேர்க்கலாம், அங்கேயும் இதே பெயர்களைக் கொடுங்கள். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும்படி வைத்தால் உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைக்க லிங்க்ட்இன் முயலும், முழு உத்தரவாதம் தராது.

ஆள் எடுக்கும் ஏஜென்சியில் இருக்கும் உறுப்பினர்: ஒன்றைச் சேர்க்கிறேன். ஏஜென்சிக்கு எழுதும்போது "நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, என் ஒப்புதல் வாங்கிய பிறகே ரெஸ்யூமேவை அனுப்புங்கள்" என்றும் எழுதுங்கள். இரண்டு ஏஜென்சிகள் ஒரே ஆளை ஒரே நிறுவனத்துக்கு அனுப்பினால் யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வரும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிவிடுவதும் உண்டு. அப்புறம், சம்பள எதிர்பார்ப்பையும் முதல் செய்தியிலேயே போட்டுவிடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எனக்கு இன்னொரு போன் கால்.

ஒப்புதல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, நான் விட்டுவிட்டேன். சம்பளத்தில் நான் உடன்படவில்லை. நான்கு மாதம் கழித்து வரப்போகும் வேலைக்கு இன்றே எண் சொன்னால் பிறகு அந்த எண்ணிலேயே பேச்சு மாட்டிக்கொள்ளும். அவர் கேட்கட்டும், அப்போது சொல்லலாம்.

ஏஜென்சி உறுப்பினர்: கேட்க நேரம் இருந்தால்தானே! பட்ஜெட்டுக்குள் வருவாரா என்று தெரியாதவரை நான் கடைசியில்தான் கூப்பிடுவேன்.

நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் ரெக்ரூட்டருக்கு அந்த அவசரம் அவ்வளவு இருக்காது. யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்த்து அவரவர் முடிவு செய்யட்டும்.

மதுரை: குழந்தைக்காக 2 வருடம் இடைவெளி விட்டேன். அதை எப்படி விளக்குவது?

விளக்க வேண்டாம் அம்மா, அரை வரியில் சொல்லிவிடுங்கள்: "2 வருட இடைவெளிக்குப் பின் உடனே சேரத் தயார்." இது நோட்டீஸ் கட்டத்தையும் நிரப்பிவிடும். பலருக்கும் 60, 90 நாள் நோட்டீஸ் இருக்கும் இடத்தில் உடனே சேர முடிவது உங்களுக்குச் சாதகம். ஆனால் இதை வேலைப் பெயருக்கு முன்னால் வைக்காதீர்கள். போனில் அறிவிப்பாக முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும், அங்கே இடைவெளி தெரியக் கூடாது, வேலை தெரியவேண்டும்.

சென்னை, டெஸ்டிங்: அனுப்பியாயிற்று. மறுபடி எப்போது கேட்பது அக்கா?

மூன்று மாதம் கழித்தோ, ஏதாவது மாறியவுடனோ. ராஜினாமா கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றே எழுதுங்கள்: "ஆட்டோமேஷன் டெஸ்டர், சென்னை. நோட்டீஸில் இருக்கிறேன், கடைசி நாள் இன்ன தேதி." பழைய செய்திக்கே பதிலாக அனுப்புங்கள். புதிதாக ஆரம்பித்தால் அவருக்கு நீங்கள் மறுபடியும் புது ஆள்தான்.