நான்கு பக்கப் பேச்சை வெட்டிப் பயனில்லை

“மகள் தரம் 10. வகுப்பறையில் கைத்தொலைபேசி கூடாது என்ற அணியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கொமினிகேசனில் காசு கொடுத்து எழுதிய பேச்சு நான்கு பக்கம் வருகிறது. எதை வெட்டுவது?” - ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அதை வெட்ட வேண்டாம் அம்மா, ஒதுக்கி வையுங்கள். நிதானமாகப் பேசும் பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குச் சுமார் 80 சொல் போகும். ஐந்து நிமிடத்துக்கு 400 போதும். காசுக்கு எழுதுகிறவர்கள் பக்கக் கணக்கில் எழுதுகிறார்கள். ஒரே பேச்சை நாலு பிள்ளைக்கு விற்பார்கள். “உலகமே தடை செய்துவிட்டது” என்றும் எழுதியிருப்பார்கள். அது பொய். அப்படித் தடை வைத்திருந்த நாடுகள் நான்கில் ஒன்றுக்கும் குறைவு என்றுதான் யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொன்னது. எதிரணிப் பிள்ளை இதைத் தெரிந்து வைத்திருந்தால் மகளின் பேச்சு அங்கேயே விழுந்துவிடும்.

ஒரே ஒரு வாதத்தை எடுத்து இரண்டு நிமிடம் பேசட்டும். கொரோனாக் காலத்தில் வன்னியில் பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு போன். அப்பா அதை வயலுக்கோ கடலுக்கோ கொண்டுபோனால் பிள்ளைக்குப் பாடம் இல்லை. வகுப்பறைக்குள் போன் வந்து, பாடமும் அதை நம்பி நடந்தால், அதே பிள்ளை எல்லார் முன்னாலும் வெறுங்கையோடு இருக்கும். “கொரோனாவில் போன்தானே படிப்பித்தது?” என்று எதிரணி நிச்சயம் கேட்கும். அப்போது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, இப்போது ரீச்சர் முன்னால் நிற்கிறார் என்று மகள் சொல்லட்டும்.

ஒரு விலக்கை மட்டும் மகள் தானாகவே முதல் நிமிடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பார்வை குறைந்த பிள்ளை கரும்பலகையைப் படம் எடுத்து, பெரிதாக்கித்தான் வாசிக்கும். அதையும் பறிப்பீர்களா என்று எதிரணி கேட்டால், அதற்குப் பிறகு தேடும் பதில் எடுபடாது. பிரான்ஸ் 2018-இல் கொண்டுவந்த சட்டத்தைச் சொல்லலாம். சுமார் 15 வயது வரையான பிள்ளைகளின் பள்ளிகளில் போன் பாவிப்பதை அது தடுக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தேவைக்கும், பள்ளி விதிகள் இடம் கொடுத்தால் கற்பித்தலுக்கும் வழி விடுகிறது. “நாங்கள் கேட்பதும் இப்படியான தடைதான், அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது கண்ணாடி மாதிரி, அதை யாரும் தொட மாட்டோம்” என்று மகள் சொல்லிவிட்டால் எதிரணிக்கு அந்தக் கேள்வி மிஞ்சாது.

குரலை உயர்த்திப் பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளைக்கே புள்ளி போடும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் போகவில்லை. எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை. ஆனாலும் மகளைப் பாடமாக்க விடாதீர்கள். ஒரு சொல் மறந்தால் பேச்சு முழுவதும் நின்றுவிடும். சிறு அட்டையில் ஐந்து வரி போதும்.

“நடுவர் அவர்களே” என்று தொடங்கும் வணக்கம் பத்து விநாடியில் முடியட்டும். நான்காவது நிமிட மணி கேட்டதும், நடுவில் எங்கே நின்றாலும், முடிவுரைக்குப் போய்விட வேண்டும்.