ஏசி நின்ற ஐந்து நிமிடத்தில் சர்வர் ரூம் அலாரம் அடிப்பது ஏன்?

கேள்வி: எங்கள் ஆபீஸ் சர்வர் ரூமில் ஏசி நின்று ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதற்குள் அலாரம் அடித்து எல்லோருக்கும் மெசேஜ் போய்விடுகிறது. பாலக்காட்டு வெயிலில் 38 டிகிரியில் நாங்கள் வேலை செய்கிறோமே, மெஷினுக்கு மட்டும் என்ன இவ்வளவு அவசரம்? உண்மையில் எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?

பதில்:

சர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும். ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் 2008 முதல் பரிந்துரைக்கும் வரம்பு இது. அதற்கு முன் 20 முதல் 25 என்று இன்னும் இறுக்கமாக வைத்திருந்தார்கள். நான் கவனித்துக்கொள்ளும் அறையில் 24-ல் வைத்திருக்கிறேன். 16-லும் 18-லும் வைத்து அறையை உறைய வைப்பதால் சர்வருக்கு ஒரு நன்மையும் இல்லை. கரண்ட் பில் ஏறும், ஸ்ப்ளிட் ஏசியின் காயிலில் ஐஸ் கட்டும், ஜூன் மாத ஈரத்தில் தண்ணீரும் சொட்டும்.

அந்த எண் எந்த இடத்தில் அளந்தது என்பதும் முக்கியம். ஏசியின் டிஸ்ப்ளேயில் தெரிவது ஏசியின் கணக்கு. சர்வர் எதை உள்ளே இழுக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். ராக்கின் முன்பக்கம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு சென்சார் வையுங்கள். பின்பக்கம் வெளியே வரும் காற்று பத்துப் பதினைந்து டிகிரி அதிகமாகவே இருக்கும். அது மேலே எழும்பி ராக்கின் தலைக்கு மேலாக முன்பக்கம் திரும்பி வரும்போது முதலில் மாட்டுவது மேல் தட்டில் இருக்கும் சர்வர். ஏசி ஓட்டைக்கு நேர் எதிரே சென்சார் மாட்டியிருந்தால் அறை வெந்துகொண்டிருந்தாலும் அது 22 என்றே சொல்லும்.

சர்வருக்குள்ளேயே ஒரு சென்சார் உண்டு. லினக்ஸில் இப்படிப் பார்க்கலாம்:

```
sudo ipmitool sdr type Temperature
```

வரும் பட்டியலில் `Inlet Temp` என்றோ அதைப் போன்ற பெயரிலோ ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் நமக்கு வேண்டியது. சிபியு 65, 70 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், வேலை செய்யும்போது அது அப்படித்தான் இருக்கும்.

இனி அவசரத்துக்கு வருகிறேன். ஒரு சர்வர் கரண்டிலிருந்து எடுக்கும் வாட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. யுபிஎஸ் டிஸ்ப்ளேயில் லோடு 6 கிலோவாட் என்று இருந்தால், வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் மூன்றைக் கதவு சாத்திய ஓர் அறையில் நிற்காமல் ஓடவிட்டதற்குச் சமம்.

எங்கள் அறை 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர். அதாவது 60 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, ஆக மொத்தம் 72 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1 கிலோஜூல் போதும். 6 கிலோவாட் என்றால் நொடிக்கு 6 கிலோஜூல். 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12 நொடி. சுவரும் இரும்பும் கொஞ்சம்கூட உறிஞ்சாமல் காற்று மட்டுமே சூட்டை வாங்கினால் 12 நொடிக்கு ஒரு டிகிரி, நிமிடத்துக்கு ஐந்து டிகிரி ஏறும். நிஜத்தில் ராக்கின் இரும்பும் சுவரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் வேகம் குறையும். ஆனாலும் முதல் சில நிமிடங்களில் நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றரை டிகிரி ஏறுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். குளிரைச் சேமித்து வைக்க அந்த அறையில் எதுவும் இல்லை. ஏசி ஒவ்வொரு நொடியும் சூட்டை வெளியே எடுத்துக்கொண்டிருப்பதால்தான் அறை 24-ல் நிற்கிறது.

இன்னொன்றும் சேர்கிறது. கரண்ட் போனால் சர்வரை யுபிஎஸ் தாங்கிப் பிடிக்கும். ஏசியை யுபிஎஸ்ஸில் போடுவது சிறிய இடங்களில் கிடையாது. சூடு தரும் மெஷின் நிற்காமல் ஓடும், சூட்டை எடுக்கும் மெஷின் மட்டும் நின்றுவிடும்.

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஓர் ஏப்ரல் மதியம் நடந்ததைச் சொல்கிறேன். அறையில் 2 டன் ஸ்ப்ளிட் ஏசி இரண்டு. 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட், எனவே ஒன்று ஓடினாலே 7 கிலோவாட், 6-க்குப் போதும் என்பது காகிதக் கணக்கு. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது அந்த 7 கிடைக்காது. கிடைப்பதிலும் ஒரு பங்கு காற்றில் உள்ள ஈரத்தைப் பிழியவே போய்விடும்.

2:10-க்குக் கரண்ட் போனது. ஒரு நிமிடத்துக்குள் ஜெனரேட்டர் வந்துவிட்டது. எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். கரண்ட் திரும்பியதும் ஏசி கம்ப்ரஸர் உடனே ஓடாது, உள்ளே அழுத்தம் சமமாகும் வரை மூன்று நிமிடம் காத்திருக்கும். முதல் ஏசி அப்படிக் காத்திருந்துதான் ஓடத் தொடங்கியது. அதன் அவுட்டோர் யூனிட் மேற்குச் சுவரில் நேர் வெயிலில் இருக்கிறது. கணவாய் வழியாக மாசக்கணக்கில் அடித்த கிழக்குக் காற்றின் புழுதி அதன் ஃபின்களில் கம்பளம் மாதிரி படிந்திருந்தது. சூட்டை வெளியே விட முடியாமல் அழுத்தம் ஏறி ட்ரிப் ஆகிவிட்டது. இரண்டாவது ஏசியில் ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லை. ரிமோட்டில் யாராவது ஆன் செய்யும் வரை சும்மா இருக்கும் ரகம்.

செக்யூரிட்டி அண்ணன் போன் செய்தார். "சார், ஜெனரேட்டர் ஓடுதுங்க. ஆனா அந்த ரூம் ஏசி ரெண்டும் சத்தமே இல்லீங்க, உள்ள ஃபேன் மட்டும் ஊளையிடுதுங்க." அவர் சொன்ன அந்தச் சத்தம் சர்வர்களின் சொந்த ஃபேன். உள்ளே வரும் காற்று சூடானால் அவை வேகத்தைக் கூட்டும். ஃபேன் வேகம் இரட்டித்தால் அது தின்னும் கரண்ட் எட்டு மடங்காகும். அந்தக் கரண்டும் அதே அறையில் சூடாகச் சேரும்.

பிறகு லாகைப் பார்த்தேன். கரண்ட் போன இரண்டாவது நிமிடம் 27, அப்போதுதான் முதல் மெசேஜ் வந்திருக்கிறது. ஐந்தாவது நிமிடம் 30. பத்தாவது நிமிடம் நான் உள்ளே நுழைந்தபோது 33. ரிமோட்டை எடுத்து இரண்டாவது ஏசியை ஓடவிட்டேன். டெஸ்ட் சர்வர்களையும் மதிய பேக்கப்பையும் முறையாக நிறுத்தினேன். மெக்கானிக் வந்து முதல் அவுட்டோரைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகு அதுவும் ஓடியது. 34-ஐத் தொட்டுத்தான் இறங்க ஆரம்பித்தது. இறங்கி 25-க்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஏனென்றால் சுவரும் இரும்பும் வாங்கி வைத்த சூட்டைத் திரும்பக் காற்றில் விட்டுக்கொண்டே இருந்தன.

"சர்வர் 35 வரை தாங்கும் என்று கம்பெனியே எழுதியிருக்கிறது, அலாரத்தை 35-ல் வைத்தால் தொல்லை குறையுமே" என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான சர்வர்கள் 35 வரை தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் 35 ஆன பிறகு மெசேஜ் வந்தால், கோயம்புத்தூரில் இருக்கும் ஆள் வாளையார் தாண்டி வந்து சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் சிப்புகள் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் சர்வர் தானாகவே அணைந்துவிடும், டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் இருந்தாலும் சரி. 27-க்கும் 35-க்கும் இடையே இருக்கும் அந்தச் சில நிமிடங்களைத்தான் அலாரம் உங்கள் கையில் கொடுக்கிறது. ஆகவே 27-ல் எச்சரிக்கை, 32-ல் அவசர அலாரம் என்று வைக்கிறேன். கூடவே ஐந்து நிமிடத்தில் இரண்டு டிகிரி ஏறினால், எண் 26-ஆகவே இருந்தாலும், மெசேஜ் வரும்படி ஒரு விதியும் போட்டிருக்கிறேன். எனக்கு அதிகம் உதவியது இந்த மூன்றாவது விதிதான்.

பெரிய டேட்டா சென்டர்களில் இந்த நிமிடங்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டியில் சேமித்து, அதைச் சுற்றவிடும் பம்பையும் ஃபேனையும் யுபிஎஸ்ஸில் போட்டுவிடுவார்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் மறுபடி எழுந்து நிற்கும் வரை அந்தத் தண்ணீர் தாங்கும். அந்தத் தொட்டி கைவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரில் 2023 அக்டோபர் 14 அன்று பார்த்தோம். ஒரு டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலையின்போது தொட்டியின் வால்வுகள் தவறாக மூடப்பட்டன. சூடு ஏறி, டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் ஏடிஎம்மும் ஆன்லைன் சேவையும் நின்றுபோயின.

உங்கள் அறையில் ஏசி நின்றால் முதலில் லோடைக் குறையுங்கள். எதை முதலில் அணைக்கலாம் என்ற பட்டியல் கதவிலேயே ஒட்டியிருக்கட்டும். அடுத்து, வராந்தா அறையைவிடக் குளிராக இருந்தால் மட்டும் கதவைத் திறந்து, ராக்கின் பின்பக்கத்துச் சூட்டை வெளியே தள்ளும்படி ஒரு பெடஸ்டல் ஃபேனை வையுங்கள். வாளியில் ஐஸ் வைப்பவர்கள் உண்டு, ஈரம் சேருமே தவிர 6 கிலோவாட்டுக்கு அது ஈடாகாது. யுபிஎஸ் பேட்டரி அதே அறையில் இருந்தால் அடிக்கடி இப்படிச் சூடாவது அதன் ஆயுளைத் தின்றுவிடும், முடிந்தால் அதை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது, வேண்டுமென்றே ஏசியை அணைத்து 24-லிருந்து 30 வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30-ல் மறுபடி ஆன் செய்துவிடுங்கள். அலாரம் எண்ணையும் யாருக்கு முதல் போன் போக வேண்டும் என்பதையும் அந்த நிமிடக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஏப்ரலில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை செய்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.