C30/37 கான்கிரீட்டை பிஎஸ்ஐ-க்கு மாற்றுவது

"வெளிநாட்டு வரைபடத்தில் C30/37 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது. நான் போட்டால் 5,366 பிஎஸ்ஐ வருகிறது, சப்ளையர் 4,351 என்கிறார். எது சரி?"

4,351 தான். அமெரிக்க முறையில் பிஎஸ்ஐ-யில் சொல்லும் கான்கிரீட் வலிமை உருளையைச் சோதித்து வருவது, அதனால் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் 30-ஐத்தான் எடுக்க வேண்டும்: 30 × 145.04 = 4,351.

நீங்கள் பின்னால் இருக்கும் 37-ஐப் பெருக்கியிருக்கிறீர்கள். அது 150 மி.மீ. கனசதுரத்தின் வலிமை. கனசதுரம் குட்டையாக இருப்பதால் மேலும் கீழும் அழுத்தும் எஃகுத் தட்டுகளின் உராய்வே அதைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதே கலவை, 300 மி.மீ. உயர உருளையில் கிட்டத்தட்ட 80 சதவீதம்தான் காட்டும். அலகை மாற்றினால் இந்த வித்தியாசம் போகாது.

உங்கள் 5,366-ஐ 4,351-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.23 வரும். 37-ஐ 30-ஆல் வகுத்தாலும் அதேதான், ஆக பெருக்கலில் தப்பில்லை, எடுத்த எண்தான் வேறு.

அப்புறம் ஆர்டர் போடும்போது 4,000-க்குக் குறைத்துவிடாதீர்கள், அது 27.6 மெகாபாஸ்கல்தான். 4,500 கேளுங்கள், 31 வரும். வேறு தாளில் சாய்கோடே இல்லாமல் ஒற்றை எண் இருந்தால், அது உருளையா கனசதுரமா என்று வடிவமைத்த பொறியாளரிடம் எழுத்தில் வாங்காமல் மாற்றவே வேண்டாம்.