கரிசல் மனையில் செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி: எவ்வளவு பெரிதாக?

கேள்வி: மானூர் பக்கம் கரிசல் மனையில் வீடு கட்டுகிறோம். நாங்கள் 5 பேர், பாதாளச் சாக்கடை கிடையாது. கொத்தனார் 10 அடிக்கு 10 அடி டேங்க் போடச் சொல்கிறார். அவ்வளவு வேண்டுமா? உறிஞ்சுகுழி எத்தனை அடி? போர் 40 அடி தள்ளி இருக்கிறது.

வேண்டாம். உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் நிற்க 4 அடி ஆழம், அதன்மேல் 1 அடி காலியிடம் போதும். சுமார் 2,000 லிட்டர் நிற்கும். குளியலும் சேர்த்து நாளைக்கு 500 லிட்டர் போனாலும், பாதி டேங்க் சகதியான பிறகும் தண்ணீர் இரண்டு நாள் தங்கித் தெளியும். வெளிக்குழாய் உள்குழாயைவிட 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். இரண்டிலும் ‘டீ’ மாட்டி, அதன் கால் தண்ணீருக்குள் ஓரடி இறங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மேலே மிதக்கும் கழிவுப் படலம் குழிக்குப் போய் மண்ணின் கண்ணை அடைத்துவிடும். டேங்க் எவ்வளவு பெரிதானாலும் அதைத் தடுக்காது.

உங்கள் மனையில் சிக்கல் குழியில்தான். கரிசல் நனைந்தால் உப்பி இறுகிவிடும், தண்ணீர் இறங்காது. அதனால் முதலில் சோதனை. குழி அமையும் ஆழத்துக்குத் தோண்டி, அடியில் அரையடி அகலத்தில் சின்னக் குழி எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீர் நிறுத்தி ஊற விடுங்கள். மறுநாள் அரையடிக்கு நிரப்பி, 1 அங்குலம் குறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 30 நிமிடத்தைத் தாண்டினால் அந்த அடுக்கில் உறிஞ்சுகுழி வேண்டாம். கரிசலுக்குக் கீழே சுக்கானோ சரளையோ வந்தால் அங்கே மறுபடி சோதியுங்கள்.

சரளையில் 25 நிமிடம் வருகிறது என்று வைப்போம். மண் எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கான வாய்பாட்டில் வரும் 204-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் நாளைக்கு ஏறக்குறைய 41 லிட்டர் குடிக்கும். 500 லிட்டருக்கு 12 சதுர மீட்டர் வேண்டும். அடிப்பரப்பு சீக்கிரம் அடைந்துவிடுவதால் பக்கச்சுவர் மட்டுமே கணக்கு. 5 அடி விட்டக் குழி என்றால் சரளைக்குள்ளேயே எட்டரை அடி இறங்க வேண்டும். கரிசல் பகுதியைச் சேர்க்கக் கூடாது. குளியல், துணி துவைக்கும் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் கழிப்பறைத் தண்ணீர் 200 லிட்டருக்குள் நிற்கும், மூன்றரை அடி போதும். என் வாக்கு இதற்குத்தான்.

துளையுள்ள உறை இறக்கி, சுற்றிலும் அரையடிக்கு ஜல்லி நிரப்புங்கள். போருக்கு 40 அடி பற்றாது, குழி 60 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து 20 அடி. நிலத்தடி நீர் மட்டத்தைக் கார்த்திகையில் பாருங்கள், கோடையில் பார்த்தால் ஏமாற்றும். குழியின் அடி அதற்கு 6 அடி மேலே நிற்கட்டும்.

பின்னால் கழிப்பறையில் தண்ணீர் தேங்கினால் உடனே லாரியைக் கூப்பிடாமல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். வெளிக்குழாய் மூழ்கியிருந்தால் குழியோ அதற்குப் போகும் குழாயோ அடைத்திருக்கிறது. மட்டம் சரியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில்.