எல்இடி பெட்டியில் இருக்கும் 60 வாட் எதைக் குறிக்கிறது?

கேள்வி: வீட்டில் எரியும் பழைய குண்டு பல்பையும், கடையில் பார்த்த எல்இடி பல்பின் பெட்டியையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 60 வாட் என்று இருக்கிறது. அப்படியானால் கரண்ட் செலவும் ஒன்றுதானே? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: ஒன்று இல்லை. எல்இடி பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 60 வாட், 'பழைய 60 வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும்' என்று சொல்வதற்காகப் போட்டது. அது இழுக்கும் மின்சாரம் பெட்டியின் ஓரத்திலோ, பல்பின் அடிப்பகுதியிலோ சின்ன எழுத்தில் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 8 முதல் 9 வாட் வரை ஏதோ ஒரு எண் தெரியும். 8.5 என்பதில் புள்ளி மங்கிப்போய் 85 என்று தெரிந்தால் ஏமாறாதீர்கள். 85 வாட் இழுக்கும் எல்இடி, 60 வாட் குண்டு பல்புக்கு மாற்று ஆகாது.

வெளிச்சத்தை வாட்டில் பார்க்கக் கூடாது, லூமென்னில் பார்க்க வேண்டும். படத்தில் `lm` என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் அது. பழைய பல்பின் கண்ணாடியில் பெரும்பாலும் வோல்ட்டும் வாட்டும் மட்டும்தான் அச்சாகியிருக்கும். 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி பெட்டியில் 806 லூமென் இருந்தால் வெளிச்சம் குறையாது, கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். வாட்டை 1000-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று வரும். பழைய பல்புக்கு 0.06 யூனிட். எல்இடி 9 வாட் என்றால் 0.009 யூனிட். இரண்டையும் உங்கள் மின் கட்டணத்தில் ஒரு யூனிட்டுக்கு உள்ள விலையால் பெருக்குங்கள், அதுதான் ஒரு மணி நேரச் செலவு. இன்னும் எளிதாகப் பார்த்தால், ஒரு யூனிட்டில் குண்டு பல்பு 16 மணி 40 நிமிடம் எரியும். அதே யூனிட்டில் எல்இடி 111 மணி நேரம் எரியும். யூனிட் விலை கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதம் மாறாது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுகிற கட்டணமாக இருந்தால், நீங்கள் கடைசியாக எட்டிய படியின் விலையைப் போடுங்கள். பல்பை மாற்றினால் மிச்சமாவது அந்த யூனிட்டுகள்தான்.

பலர் தவறுகிற இடம் இன்னொன்று உண்டு. சில எல்இடிகளில் வாட் தெளிவாகத் தெரியாது, ஆனால் `220-240V 70mA` என்று இருக்கும். 70 மில்லிஆம்பியர் என்பது 0.07 ஆம்பியர், 230 வோல்ட்டை அதனால் பெருக்கினால் 16 வரும். அதை வாட் என்று எடுத்துக்கொண்டு, 'எல்இடி சொன்னதைவிட இரண்டு மடங்கு இழுக்கிறதே' என்று பயப்படுகிறார்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு நிஜ வாட் என்பதைச் சொல்வது பவர் ஃபேக்டர். எல்இடியில் அது குறைவு, பல சின்ன பல்புகளில் 0.5-ஐ ஒட்டியே இருக்கும். அதனால்தான் அந்தப் பெருக்கலில் வருவது நிஜமாகச் செலவாகும் வாட்டைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. வீட்டு மீட்டர்கள் பொதுவாக நிஜ வாட்டைத்தான் கணக்கெடுக்கும். ஆகவே படத்தில் வாட் தெரியாவிட்டால், மில்லிஆம்பியரை வைத்து ஊகிக்காமல் மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

அப்புறம், வாங்கலாமா என்று முடிவு செய்ய ஒரே ஒரு வகுத்தல் போதும். மணிக்கு மிச்சம் 0.051 யூனிட். எல்இடியின் விலை 20 யூனிட்டின் விலைக்குச் சமம் என்றால், 20-ஐ 0.051-ஆல் வகுங்கள்: சுமார் 392 மணி நேரம். தினம் 5 மணி நேரம் எரியும் கூடத்தில் 80 நாளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். தினம் 5 நிமிடம் எரியும் பொருள் வைக்கும் அறையில் அதே பல்புக்குப் பல வருடம் ஆகும். அங்கே பழைய பல்பு ஃப்யூஸ் ஆகும்வரை விட்டுவையுங்கள்.