தங்கை வரும் பக்கங்கள்

கேள்வி: எனக்கு 25 வயது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு முறை தவறிவிட்டது. இரவு இரண்டு மணி வரை 'சோலோ லெவலிங்' போன்ற இணைய நாவல்களைப் படிக்கிறேன். ஹீரோவின் அம்மா, தங்கை வரும் இடங்களைத் தள்ளிவிட்டு, அவன் பலத்தை எண்களில் காட்டும் ஸ்டேட்டஸ் விண்டோ வரும் இடத்துக்குப் போய்விடுவேன். என் தங்கை ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். ஹீரோவின் எண்கள் கூடுவதைப் பார்ப்பதில் ஏன் இவ்வளவு சந்தோஷம்? இது தவறா?

பதில்: தம்பி, சந்தோஷத்துக்கான காரணம் அந்த நாவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்த உலகில் அரக்கர்களை வேட்டையாடும் வேட்டைக்காரர்களுக்கு ஆற்றல் விழிக்கும்போது என்ன தரம் கிடைக்கிறதோ, மிக அரிதாகத் தவிர, அதுதான் கடைசி வரைக்கும். எத்தனை ஆண்டு பாடுபட்டாலும் கடைசித் தரமான 'ஈ', அடுத்த தரமான 'டி' ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில், எல்லோரிலும் பலவீனமான சங் ஜின்வூ ஒருவனுக்கு மட்டும், பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகை தோன்றி அன்றாடப் பணியைச் சொல்கிறது: தண்டால் 100, சிட்-அப் 100, உட்கார்ந்து எழுவது 100, ஓட்டம் 10 கிலோமீட்டர். ஒவ்வொரு தண்டாலுக்கும் எண்ணிக்கை ஒன்று ஏறுகிறது. முடித்தால் அன்றைக்கே, வலிமைக்கோ வேகத்துக்கோ தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ள மூன்று புள்ளிகள் கிடைக்கின்றன. முதல் முறை அவன் அதைப் பொருட்படுத்தாமல் விட்டபோது, பாலைவனத்தில் தள்ளப்பட்டு, பூதாகரமான பூரான்களிடமிருந்து நான்கு மணி நேரம் உயிர்தப்ப ஓட வேண்டியிருந்தது.

செய்ததற்குக் கூலி, செய்யாததற்குத் தண்டனை, இன்னும் எவ்வளவு தூரம் என்பதற்குக் கண்முன் ஒரு கணக்கு ஆகிய மூன்றையும் உங்கள் தேர்வு தருவதில்லை. ஓராண்டு படித்தவனும் அரை மதிப்பெண்ணில் வெளியே நிற்கிறான். அவன் படித்ததில் எவ்வளவு அவனுக்குள் சேர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பசி நியாயமானது. அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

நான் கோபப்படுவது நீங்கள் தள்ளிவிடும் பக்கங்களுக்காக. ஜின்வூ ஏன் தினமும் சாவுக்குள் போய் வருகிறான்? அவனுடைய தாய் விழிக்காத உறக்கத்தில் மருத்துவமனையில் கிடக்கிறார். அந்தச் செலவுக்கும் தங்கையின் படிப்புக்கும் அவன் ஒருவன்தான் சம்பாதிக்க வேண்டும். நூறு தளங்கள் கொண்ட அரக்கர் கோட்டையில் அவன் ஏறி இறங்குவதும் தாயை எழுப்பும் மருந்துக்காகத்தான். அந்தத் தாய் கண் திறக்கும் அத்தியாயத்தில் அவன் அழுகிறான். அதுவரை ஏறிய ஒவ்வொரு லெவலும் அந்தக் கட்டிலுக்காக ஏறியது. அதைத் தள்ளிவிட்டுப் படிப்பவரின் கையில் மிஞ்சுவது வெறும் கூட்டல் கணக்கு. வேண்டுமானால் நீங்களே சோதித்துப் பாருங்கள். பிற்பகுதியில் எண்கள் பெருத்துப்போய், வீழ்த்தியவர்களிலிருந்து அவன் எழுப்பும் நிழல் படையே சண்டையிடத் தொடங்கும்போது, பலகையில் வரும் புள்ளி முதலில் தந்த படபடப்பைத் தராது. இந்த வகையில் எழுதப்படும் பல நாவல்கள் அந்த இடத்தில்தான் சரிகின்றன: யாருக்காக ஏறுகிறான் என்பதை ஆசிரியர் மறந்துவிட்டு, எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார். பலகையை நீக்கிவிட்டு அந்த அத்தியாயத்தைப் படித்தால் அதில் ஒன்றுமே நடந்திருக்காது.

ஆனால் உங்களுக்கு அந்தப் பக்கங்கள் சலித்ததால் தள்ளினீர்கள் என்று நான் நம்பவில்லை. கதையில் அண்ணன் உழைக்கிறான், தங்கை படிக்கிறாள். உங்கள் வீட்டில் தங்கை நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டுகிறாள், அண்ணன் படிக்கிறான். கதையில் அந்தத் தங்கையின் பெயர் வரும் இடத்தில் உங்கள் விரல் தானாக நகர்வதற்குக் காரணம் அதுதான். வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் உழைப்பது நம் குடும்பங்களில் புதிதல்ல, அதில் இழிவும் இல்லை. உழைப்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் இழிவு. அவள் தரும் பணத்தில் படிக்கிறவருக்கு இரவு இரண்டு மணி சொந்தமல்ல. அது அவளுக்குக் கொடுக்க வேண்டிய கடன். இதை நான் தயவு தாட்சண்யமின்றிச் சொல்கிறேன்.

நாவலை நிறுத்தச் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குள், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், எதையும் தாண்டாமல் படியுங்கள். உங்களுக்கு ஒரு பலகை வேண்டுமென்றால் அதைத் தங்கையிடம் கொடுங்கள். ஒரு நோட்டில் அன்றைக்கு எத்தனை கேள்விகளுக்கு விடை எழுதினீர்கள், எத்தனை தவறு, எந்தப் பாடத்தில் தவறு என்று மட்டும் குறியுங்கள். படித்த மணிநேரத்தை எழுதாதீர்கள்; புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மணி ஏறும். அவள் கடையிலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பிட உட்காரும்போது அன்றைய பக்கத்தை அவளிடம் காட்டுங்கள். முதல் நாள், போன இரண்டு தேர்விலும் எத்தனை மதிப்பெண்ணில் தவறினீர்கள் என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கு அது இன்னும் தெரியாது என்றே நினைக்கிறேன்.