பிரேக் ஈவன் கணக்கு: கரண்ட் பில்லை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

பி.காம் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் கேள்வி: "பிரேக் ஈவன் கணக்கில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். ஆனால் காஸ்ட் டிரெய்னி வேலைக்கான நேர்முகத்தேர்வில் ஒரு சிறு நிறுவனத்தின் செலவுப் பட்டியலைக் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னபோது கை ஓடவில்லை. சி.எம்.ஏ. படிக்கலாம் என்றிருக்கிறேன். இந்தக் குறையோடு அது சரிவருமா?"

தாராளமாகப் படிக்கலாம். லாபமும் நட்டமும் இல்லாமல் இருக்க எவ்வளவு விற்க வேண்டும் என்று பார்ப்பதுதான் பிரேக் ஈவன். தேர்வுத்தாளில் "நிலையான செலவு இவ்வளவு, மாறும் செலவு ஒன்றுக்கு இவ்வளவு" என்று பிரித்தே கொடுத்துவிடுகிறார்கள். கம்பெனி லெட்ஜரில் அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. வாடகை, சம்பளம், கரண்ட், கவர் என்றுதான் இருக்கும். பிரிக்கிற வேலை உங்களுடையது. வகுத்தல் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஓர் இட்லி மாவுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். எண்கள் பழகுவதற்காக வைத்தவை. ஒரு கிலோ பாக்கெட் கடைகளுக்கு 40 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம் சேர்த்து 20, கவர் 2, கடைக்குக் கொண்டுசேர்க்க 2. ஆக 24 ரூபாய். பாக்கெட் கூடினால் மொத்தம் கூடும், குறைந்தால் குறையும் என்பதால் இது மாறும் செலவு. மாதம் வாடகை 18,000, இரண்டு பேர் சம்பளம் 36,000, இயந்திரத் தேய்மானம் 6,000; ஆக 60,000. ஒரு பாக்கெட்கூடப் போடாவிட்டாலும் இது நிற்காது. இது நிலையான செலவு.

சம்பளத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உற்பத்தியில் நேரடியாக ஈடுபடுபவரின் கூலி மாறும் செலவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அது பொருந்தும். மாதச் சம்பளக்காரர் 4,000 பாக்கெட் போட்டாலும் 6,000 போட்டாலும் அதே 18,000தான் வாங்குகிறார். செலவின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், எப்படிப் பணம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நேர்முகத்தேர்விலும் இதைக் கேட்கலாம். கேட்டால் தெரியாதவர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

மீதியிருப்பது கரண்ட் பில். கிரைண்டர் ஓடும் அளவுக்குக் கூடும். ஆனால் உற்பத்தி இல்லாத நாளிலும் குளிர்பெட்டி ஓடுகிறது, பில்லில் நிலைக்கட்டணமும் உண்டு. ஒரு பகுதி நிலையானது, ஒரு பகுதி மாறுவது. பிரிக்க எளிய வழி, உற்பத்தி மிக அதிகமான மாதத்தையும் மிகக் குறைந்த மாதத்தையும் ஒப்பிடுவது. ஜனவரியில் 4,000 பாக்கெட், பில் 14,000. மே மாதம் 7,000 பாக்கெட், பில் 20,000. 3,000 பாக்கெட் கூடியதற்கு 6,000 ரூபாய் கூடியிருக்கிறது. பாக்கெட்டுக்கு 2 ரூபாய். ஜனவரியின் 4,000 பாக்கெட்டுக்கு 8,000 போனால், 14,000-ல் மிஞ்சும் 6,000 நிலையானது.

இப்போது ஒரு பாக்கெட்டின் பங்களிப்பு, அதாவது விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவது, 40 − 24 − 2 = 14 ரூபாய். நிலையான செலவு 66,000. அதை 14-ஆல் வகுத்தால் 4,715 பாக்கெட். மாதம் அவ்வளவு விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

"பில்லைப் பிரிக்காமல் முழுவதையும் நிலையான செலவில் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். சராசரி மாதம் 5,500 பாக்கெட், பில் 17,000 என்று வையுங்கள். நிலையான செலவு 77,000, பங்களிப்பு 16, விடை 4,813 பாக்கெட். 98 பாக்கெட்தான் வித்தியாசம். 5,500-ல் லாபத்தைப் பார்த்தால் இரண்டு முறையிலும் அதே 11,000 ரூபாய். தவறு கண்ணில் படாமல் போவது இதனால்தான். எந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டீர்களோ அந்த மாதத்தில் எல்லா முறையும் ஒத்துப்போகும். அதை விட்டு விலக விலகத்தான் பிசகும்.

எங்கே அடி விழும் என்றால், விலை பேசும்போது. ஒரு விடுதி, பாக்கெட் 25 ரூபாய்க்குக் கொடுத்தால் மாதம் 1,500 கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன் என்கிறது. கரண்டை முழுக்க நிலையான செலவில் போட்டவர் "நமக்கு 24-தான் ஆகிறது, 1,500 ரூபாய் லாபம்" என்று ஒப்புக்கொள்வார். உண்மையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 26 ஆகிறது. மாதம் 1,500 ரூபாய் நட்டம். எவ்வளவு கூடுதலாக விற்கிறாரோ அவ்வளவு நட்டம்.

ஒப்பிடும் மாதங்களைத் தேர்வதில் பலர் சறுக்குகிறார்கள். உற்பத்தி அதிகமான மாதத்தை எடுக்க வேண்டும். பில் அதிகமான மாதத்தை அல்ல. ஜூலையில் 6,200 பாக்கெட்தான், பில்லோ 21,500. குளிர்பெட்டி பழுதாகி இடைவிடாமல் ஓடியிருக்கிறது. அதை எடுத்துக் கணக்குப் போட்டால் பாக்கெட்டுக்கு 3.41 என்றும், நிலையான பகுதி சுமார் 364 ரூபாய் என்றும் வரும். பில்லில் அச்சிட்ட நிலைக்கட்டணமே அதைவிடக் கூடுதலாக இருந்தால், தேர்ந்தெடுத்த மாதம் தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். இன்னொன்று, மீட்டர் ரீடிங் தேதி. 12-ஆம் தேதி ரீடிங் எடுத்தால், உற்பத்தியையும் 12 முதல் 12 வரை கூட்டுங்கள். காலண்டர் மாதத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தாது.

இரண்டே மாதங்களை நம்பாமல் எல்லா மாதத்தையும் பயன்படுத்த எக்செல் உதவும். B-யில் பாக்கெட், C-யில் பில் தொகை இருந்தால்:

```
=SLOPE(C2:C7,B2:B7)
=INTERCEPT(C2:C7,B2:B7)
```

முதலாவது பாக்கெட்டுக்கு ஆகும் கரண்ட், இரண்டாவது மாத நிலையான பகுதி. செலவு முதலில் வர வேண்டும். இடம் மாறினால் எக்செல் பிழை காட்டாது, தவறான எண்ணைத்தான் காட்டும். ஜூலை போன்ற கெட்ட மாதத்தை முதலில் நீக்கிவிடுங்கள்.

நேர்முகத்தேர்வில் அடுத்து வரக்கூடிய கேள்வி, "உற்பத்தியைக் கூட்டினால்?" இருக்கும் ஆட்களால் 7,500 பாக்கெட் வரைதான் முடியும் என்றால், அதற்கு மேல் 14,000 சம்பளத்தில் இன்னொருவர் வேண்டும். நிலையான செலவு படியேறி 80,000 ஆகிறது. பிரேக் ஈவன் 5,715-க்கு நகர்கிறது. 7,500-ல் இருந்த 39,000 லாபம், 7,600-ல் 26,400 ஆகக் குறைகிறது. பழைய லாபத்தைத் தொடவே 8,500 பாக்கெட் விற்க வேண்டும். அந்த 1,000 பாக்கெட்டுக்கு வாங்க ஆள் இருக்கிறார்களா என்று கேட்ட பிறகே ஆளை எடுக்கச் சொல்லுங்கள்.

சி.எம்.ஏ. இன்டர்மீடியட்டில் காஸ்ட் அக்கவுண்டிங் தனித்தாளாக இருக்கிறது. தேர்வில் கேள்வி எப்படிப் பிரித்துக் கொடுக்கிறதோ அப்படியே எடுங்கள். கூலி மாறும் செலவு என்றிருந்தால் வாதம் செய்யாமல் போடுங்கள். பிரித்துப் பழக, தெரிந்த கடை அல்லது பட்டறையில் ஆறு மாத கரண்ட் பில்லும் உற்பத்திக் கணக்கும் கேட்டு வாங்குங்கள். வண்டி டீசலும் தொலைபேசி பில்லும் கிடைத்தால் அவற்றையும் பிரித்துப் பாருங்கள். டீசலை பாக்கெட் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஒட்டாது; எத்தனை நடை போனது என்பதோடு ஒப்பிட வேண்டும்.